ஆளும் மாறி ஆண்டும் ஓடினால்: சராசரி வயதுக் கணக்கு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் குழு ஒன்று இருக்கிறது. மொத்தம் 9 பேர், சராசரி வயது 42. அதில் 58 வயதான ஒருவர் வேலையிலிருந்து நின்றுவிடுகிறார். மிச்சம் இருப்பவர்களின் சராசரி வயது என்ன?

குரூப் 4, ரயில்வே, வங்கி என்று எதற்குப் படிப்பவரும் இந்தச் சாயலில் ஒரு கேள்வியைப் பார்த்திருப்பார். குரூப் 4 தாளில் 200 கேள்விக்கு 3 மணி நேரம். அதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியில் வரும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அதனால் பலரும் குறுக்குவழியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கேள்வியில் ‘5 ஆண்டுகளுக்கு முன்’ என்று இரண்டு சொல் கூடுதலாக வந்தால் போதும், அந்தக் குறுக்குவழி காலை வாரிவிடும். வயது மற்ற எண்களைப் போல நின்ற இடத்தில் நிற்பதில்லை, அதுதான் காரணம். ஆள் மாறுவது ஒன்று, ஆண்டு ஓடுவது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் இந்தப் பகுதியில் கஷ்டமான கேள்வி என்று ஒன்று இருக்காது.

முதலில் ஆள் மாறுவதை மட்டும் பார்ப்போம். கேள்வியில் சராசரி என்று கண்டவுடனே அதை ஆள் எண்ணிக்கையால் பெருக்கி மொத்தமாக்கிவிடுங்கள். 9 × 42 = 378. இது அந்த 9 பேரின் வயதையும் கூட்டினால் வரும் எண். ஒவ்வொருவரின் வயதும் நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. போகிறவரின் வயதைச் சராசரியிலிருந்து கழிக்க முடியாது, மொத்தத்திலிருந்து கழிக்கலாம். 378 − 58 = 320. மீதி 8 பேர். 320 ÷ 8 = 40. சராசரி 42-லிருந்து 40-க்கு இறங்கிவிட்டது.

இதையே மனக்கணக்காகவும் போடலாம். அந்த 9 பேரும் பறித்த கொழுந்தை ஒன்றாகக் கொட்டி எடை போட்டு, ஆளுக்குச் சமமாக எழுதிக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 42 கிலோ விழுகிறது. அதில் ஒருவர் உண்மையில் பறித்தது 58 கிலோ. தன் பங்கான 42 போக, 16 கிலோவை மற்றவர்கள் கணக்கில் விட்டிருக்கிறார். அவர் வராத நாளில் அந்த 16 கிலோ குறையும். அது மிச்சமுள்ள 8 பேர் தலையில் விழும். ஆளுக்கு 2 கிலோ குறைந்து 40 ஆகிவிடும். வயதுக்கும் இதேதான்: 58 − 42 = 16, 16 ÷ 8 = 2, 42 − 2 = 40.

இங்கே 9-ஆல் வகுத்துவிடுபவர்கள் நிறையப் பேர். போனவரே இல்லாதபோது அவருக்கு எதற்குப் பங்கு? விலகும் கணக்கில் வகுக்க வேண்டியது மீந்திருக்கும் எண்ணிக்கையால்தான்.

சரி, அந்த 8 பேரோடு இப்போது புதிதாக ஒரு பெண் சேருகிறார். சராசரி 40-லிருந்து 38 ஆகிறது. அவருக்கு என்ன வயது? மொத்தம் போட்டால் 9 × 38 = 342. பழைய மொத்தம் 320. வித்தியாசம் 22. அவ்வளவுதான்.

மனக்கணக்குக்கு இரண்டு பாதை உண்டு. பழைய சராசரியிலிருந்து தொடங்கினால், புதியவரையும் சேர்த்து 9 பேருக்கும் 2 குறைகிறது என்று எடுக்க வேண்டும்: 40 − (2 × 9) = 22. புதிய சராசரியிலிருந்து தொடங்கினால், அவர் இறக்கிவிட்டது மற்ற 8 பேரை மட்டும்: 38 − (2 × 8) = 22. இரண்டும் சரிதான், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குழப்பி 40-லிருந்து 16-ஐக் கழித்தால் 24 வரும். 38-லிருந்து 18-ஐக் கழித்தால் 20 வரும். கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் இந்தக் குழப்பம் தெரியும். 20, 22, 24 மூன்றுமே விடைப் பட்டியலில் உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அரை மனதாகப் போட்ட கணக்கின் விடையும் பட்டியலில் இருப்பதைப் பார்த்து ‘வந்துவிட்டது’ என்று குறித்துவிட்டு நகர்வதுதான் இந்தப் பகுதியில் மதிப்பெண் போகும் வழி. குரூப் 4-இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. ரயில்வே என்.டி.பி.சி. தேர்வில் ஒரு தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும்.

ஒருவர் போய் அதே நாளில் இன்னொருவர் வருவதுதான் இருப்பதிலேயே எளிது, ஏனென்றால் ஆள் எண்ணிக்கை மாறுவதில்லை. 58 போய் 22 வந்தால் மொத்தத்தில் 36 குறையும். 9 பேருக்கு 36 என்றால் ஆளுக்கு 4. சராசரி 42-லிருந்து 38. மேலே இரண்டு படியில் செய்ததை இங்கே ஒரே படியில் செய்திருக்கிறோம், வேறொன்றும் இல்லை. இந்த 36 என்ற எண்ணை மட்டும் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இதுவரை எல்லாம் ஒரே நாளில் நடந்தது. இனி ஆண்டும் ஓடட்டும்.

ஆள் யாரும் மாறாமல் ஓர் ஆண்டு போனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வயது கூடும். எனவே சராசரியும் 1 கூடும், மொத்தம் ஆள் எண்ணிக்கை அளவுக்குக் கூடும். 4 பேர், 6 ஆண்டு என்றால் மொத்தத்தில் 24 கூடும். இதில் யாருக்கும் சந்தேகம் வராது. யாரை அந்த 4 பேரில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல். இதற்கு ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம்.

குன்னூரில் ஒரு குடும்பம். 6 ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகன், மகள் என்று 4 பேர். சராசரி வயது 31. அதன் பிறகு மகனுக்குத் திருமணம் ஆகி மருமகள் வந்தார், ஒரு குழந்தையும் பிறந்தது. இன்று 6 பேர். சராசரி வயது 30. குழந்தைக்கு 4 வயது என்றால் மருமகளுக்கு என்ன வயது?

ரஃப் தாளில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ‘அன்று’, வலப்பக்கம் ‘இன்று’. அன்று பக்கத்தில் 4 × 31 = 124. இன்று பக்கத்தில் 6 × 30 = 180. இப்போது இந்த இரண்டு எண்ணையும் உடனே கழிக்கத்தான் கை வரும். கழிக்கக் கூடாது. ஒன்று 6 ஆண்டுக்கு முந்தைய மொத்தம், மற்றது இன்றைய மொத்தம். கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும் எண்களைத்தான் கூட்டவோ கழிக்கவோ செய்யலாம்.

அதனால் பழைய 4 பேரை மட்டும் கோட்டைத் தாண்டி இன்றைக்குக் கொண்டு வர வேண்டும். 4 பேர் × 6 ஆண்டு = 24. 124 + 24 = 148. பழைய 4 பேரின் இன்றைய மொத்தம் இது. 180 − 148 = 32. இது மருமகளும் குழந்தையும் சேர்ந்து கொண்டு வந்த வயது. குழந்தையின் 4 போக, மருமகளுக்கு 28.

என்னிடம் மாலையில் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி இதே மாதிரிக் கணக்கில் நிறுத்திக் கேட்டாள்: “அண்ணா, மருமகள் எந்த வருஷம் வந்தாங்கன்னு கேள்வியிலயே இல்லையே?”

நல்ல கேள்வி. கேள்வியில் இல்லை, நமக்குத் தேவையும் இல்லை. மருமகள் 5 ஆண்டுக்கு முன் வந்திருந்தாலும் நேற்று வந்திருந்தாலும் இன்றைய மொத்தத்தில் அவர் சேர்ப்பது இன்றைய வயதைத்தான். அவர் பிறந்த வீட்டில் இருந்தபோதும் அவருக்கு வயது கூடிக்கொண்டுதான் இருந்தது, நம் கணக்கில் வரவில்லை, அவ்வளவே. திருமணத்தின்போது அவருக்கு என்ன வயது என்று கேட்டால் மட்டும் ஆண்டு வேண்டும். 5 ஆண்டுக்கு முன் திருமணம் என்று கொடுத்திருந்தால் 28 − 5 = 23.

தப்பு நடக்கும் இடங்கள் இரண்டு. 6 பேருக்கும் 6 ஆண்டு கூட்டுவது ஒன்று. 124 + 36 = 160 என்று எழுதி, 180-இல் கழித்தால் 20 மிஞ்சும்; குழந்தையின் 4 போக மருமகளுக்கு 16 வயது. 4 வயதுக் குழந்தையின் தாய்க்கு 16 வயது என்றால் 12 வயதில் பெற்றதாக ஆகிறது. சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது 18. விடை தப்பு என்று அதுவே சொல்லிவிடும். ஆண்டையே மறந்துவிடுவது இன்னொன்று. 180 − 124 = 56, அதில் 4 போக 52. அந்த வீட்டு மாமியாருக்கே இன்றைக்கு 48 இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குடும்பக் கணக்கில் இது ஒரு வசதி: விடையை வீட்டுக்குள் நிற்க வைத்துப் பார்த்தால் ஒட்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மதிப்பெண், எடை பற்றிய சராசரிக் கணக்குகளில் இந்த வசதி இவ்வளவு கிடைக்காது.

குழந்தை மட்டும் பிறந்து, சராசரி மாறவே இல்லை என்று வரும் கேள்வி இதன் சின்ன வடிவம். 4 பேர் குடும்பம், 5 ஆண்டுக்கு முன் சராசரி 24. இடையில் ஒரு குழந்தை. இன்றும் சராசரி 24. பழைய 4 பேரின் இன்றைய மொத்தம் 96 + 20 = 116. இன்றைய மொத்தம் 5 × 24 = 120. குழந்தைக்கு 4 வயது. விடை 5-ஐத் தாண்டினால் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 5 ஆண்டுக்குள் பிறந்த குழந்தைக்கு 7 வயது ஆக வழியில்லை.

சேருவதைவிட விலகுவதில்தான் தேதி அதிகம் படுத்தும். போனவரின் வயதை எந்த நாளில் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

5 பேர் குடும்பம். 4 ஆண்டுகளுக்கு முன் சராசரி வயது 38. 2 ஆண்டுகளுக்கு முன் தாத்தா தம்முடைய 80-ஆவது வயதில் காலமானார். இன்று மீதி 4 பேரின் சராசரி வயது என்ன?

இங்கே மூன்று நாட்கள் இருக்கின்றன: 4 ஆண்டுக்கு முன், 2 ஆண்டுக்கு முன், இன்று. 5 × 38 = 190 என்பது முதல் நாளின் மொத்தம். 80 என்பது நடுநாளின் வயது. 190-லிருந்து 80-ஐக் கழித்தால் கோடு தாண்டிக் கழித்ததாகிவிடும். 190 எழுதிய அன்று தாத்தாவுக்கு 78 தானே? அதைக் கழியுங்கள்: 190 − 78 = 112. மீதி 4 பேரும் 4 ஆண்டு வளர்ந்தால் 16 கூடும். 128. 128 ÷ 4 = 32.

நடந்த வரிசையிலேயே போனாலும் இதே விடைதான். முதல் 2 ஆண்டு 5 பேரும் இருந்தார்கள்: 190 + 10 = 200. அன்று 80 வயதுத் தாத்தா போனார்: 120. அடுத்த 2 ஆண்டு 4 பேர்: 120 + 8 = 128. முதல் வழி சீக்கிரம் முடியும். ஆனால் நிறைய ஆள் வந்து போகும் கேள்வி என்றால் எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஒவ்வொரு சம்பவம் வரைக்கும் நடந்து, அங்கே ஒருவரைக் கழித்து அல்லது கூட்டி, பிறகு மேலே நடக்கலாம். இரண்டு வரி கூடுதலாக எழுத வேண்டும், ஆனால் தலையில் சுமக்க ஒன்றும் இல்லை.

இப்போது கொழுந்துக் குழுவுக்குத் திரும்பலாம். கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4 ஆண்டுகளுக்கு முன் 9 பேர் கொண்ட குழுவின் சராசரி வயது 42. இடையில் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் சேர்ந்தார். இன்றும் 9 பேர்தான், சராசரியும் அதே 42. போனவருக்கும் வந்தவருக்கும் வயது வித்தியாசம் எவ்வளவு?

ஒன்றுமே கொடுக்காமல் கேட்டது போல இருக்கும். யாரும் மாறாமல் இருந்திருந்தால் 4 ஆண்டில் மொத்தம் 9 × 4 = 36 கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அந்த 36-ஐயும் விழுங்கியது ஆள் மாறியதுதான். எனவே வந்தவர் போனவரைவிட 36 வயது இளையவர். முன்பு ஒரே நாளில் 58 போய் 22 வந்தபோது பார்த்த அதே 36. சராசரியான 42-ஐ நாம் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அது 35 என்றாலும் 50 என்றாலும் விடை 36 தான்.

எந்த ஆண்டு ஆள் மாறினார் என்று கேள்வியில் சொல்லாததும் தற்செயல் இல்லை. இரண்டு பேருக்கு இடையிலான வயது வித்தியாசம் எந்த நாளில் பார்த்தாலும் ஒன்றுதான். ஆண்டு கொடுத்தால் வயதையே கண்டுபிடிக்கலாம். 2 ஆண்டுக்கு முன் 58 வயதில் அவர் நின்றார் என்றால், அன்றைக்குச் சேர்ந்தவருக்கு 22, இன்று 24. இன்றைய வயதைக் கேட்டிருக்கும்போது 22-ஐக் குறித்துவிட்டு வருபவர்கள் உண்டு. கணக்கு முழுக்கச் சரியாகப் போட்டு, கடைசி வரியைப் படிக்காமல் விட்டவர்கள் அவர்கள்.

மாதம் கலந்து வரும் கேள்விகள் அபூர்வம்தான். வந்தால் தசமமாக எழுதாதீர்கள். 1 வருடம் 6 மாதம் என்பது 1.5, அதை 1.6 என்று எழுதினால் போச்சு. எல்லாவற்றையும் மாதமாக்கிவிடுவது நிம்மதி. 12 மாணவர்களின் சராசரி 15 வருடம் 4 மாதம், ஆசிரியரையும் சேர்த்தால் 1 வருடம் 6 மாதம் கூடுகிறது என்றால், 13 பேருக்கும் தலா 18 மாதம், மொத்தம் 234 மாதம், அதாவது 19 வருடம் 6 மாதம். பழைய சராசரியோடு கூட்டினால் ஆசிரியருக்கு 34 வருடம் 10 மாதம்.

வங்கித் தேர்வுகளில் இந்தக் கணக்கையே வேறு உருவத்தில் கேட்பார்கள். விடையைக் கேட்காமல், கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்று கேட்பார்கள். குன்னூர்க் குடும்பத்தையே எடுத்து, குழந்தையின் வயதை மட்டும் மறைத்துவிடுங்கள். மருமகளும் குழந்தையும் சேர்ந்து 32 என்பது வரைக்கும் போகலாம், அதற்கு மேல் நகர முடியாது. தெரியாதவர் இரண்டு பேர், கையில் இருப்பதோ ஒரு மொத்தம். எனவே தகவல் போதாது என்றுதான் குறிக்க வேண்டும். திருமணம் நடந்த ஆண்டைக் கூடுதல் தகவலாகக் கொடுத்துச் சபலம் காட்டுவார்கள். அதை வைத்தும் 32-ஐப் பிரிக்க முடியாது. ‘குழந்தை பிறந்தபோது மருமகளுக்கு 24 வயது’ என்று கொடுத்தால் கதை வேறு. வித்தியாசம் 24, கூட்டுத்தொகை 32. குழந்தைக்கு 4, மருமகளுக்கு 28 என்று உடனே பிரிந்துவிடும்.